ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் குதிகால் வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் 46 வயதுப் பெண்மணி ஒருவர், வலது குதிகாலில் நான்கு மாதங்களாக இருந்துவந்த வலியோடு ஓர் ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் இயன்முறை மருத்துவ நிலையத்துக்கு வந்தார். அவரும் அவருடைய கணவரும் தனியார் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள். அவருடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் வெளிப்படக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். குதிகால் வலி அரிதான நோயன்று. எனினும் இந்த நிகழ்வில் அவருடைய வேலை நாளின் அமைப்பே நோயின் இயல்பைத் தெளிவாகக் காட்டியது; சிகிச்சையை நாளின் எந்தப் பொழுதில் வைக்க வேண்டும் என்பதையும் அந்த நாளே சொல்லிக்கொடுத்தது. அதனால்தான் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

ரப்பர் மரத்தினுள் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே அவர் அதிகாலை 4 மணிக்கு எழுந்து, கட்டன் காப்பி போட்டுக் குடித்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 5 மணிக்குத் தோட்டத்தில் இருப்பார். ஏறத்தாழ 300 மரங்கள், சரிவில் தட்டுத் தட்டாக வெட்டப்பட்ட குறுகலான தளங்களில் நிற்கின்றன. வெட்டு முடிய மூன்று மணி நேரம் ஆகும். பிறகு சிரட்டைகளில் பால் சேரும்வரை ஒன்றரை மணி நேரம் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார். அதன்பின் வாளியோடு அதே சுற்றை மீண்டும் நடந்து பாலைச் சேகரித்துச் சுமந்து வருவார்.

அவருக்கு வலி இருந்தது இரண்டே நேரங்களில்தான் என்று சொல்லலாம்: கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றும்போது, பாறையிலிருந்து எழுந்து வாளியைத் தூக்கும்போது. "காலைல எந்திச்சு கால ஊனவே முடியல்ல சாரே. அடுக்களைக்குப் போகதுக்குள்ள செவுர பிடிச்சுத்தான் போவேன். நாலு நட நடந்தா பொறவு கொறஞ்சிரும். வெட்டு நேரம் முழுசும் ஒண்ணும் தெரியாது. உக்காந்து எந்திச்சா திரும்பவும் வந்திரும்" என்றார். முதல் அடியின் வலிக்கு 10-க்கு 8 என்று மதிப்பிட்டார். மாலையில் ஒரு மந்தமான வலி இருந்தாலும், அது வேலையைத் தடுக்கும் அளவுக்கு இல்லை.

அவர் சொன்ன இந்த வரிசையே நோயைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓய்வுக்குப் பின் எடுத்துவைக்கும் முதல் அடியில் உச்சத்தைத் தொட்டு, சில நிமிட நடையில் தணிந்து, நாள் முழுக்கச் சுமை ஏறிய பின் மந்தமாகத் திரும்பிவரும் வலி, பிளான்டர் ஃபேஸியைட்டிஸ் எனப்படும் உள்ளங்கால் திசுப்பட்டை நோயின் அடையாளம். வலி தொடங்கிய காலமும் கவனத்துக்குரியது. ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து துளிர்க்கும் மாதங்களில் வெட்டு நிறுத்தப்படும். அந்த ஆண்டு அவர் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வீட்டிலேயே இருந்து, மார்ச் இறுதியில் ஒரே நாளில் 300 மரங்களுக்கும் திரும்பினார். ஏப்ரல் நடுவில் வலி தொடங்கியது. "இத்தன வருசமா வெட்டுதேன், இப்ப மட்டும் ஏன் வரணும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் இருந்த விடை, அந்த இரண்டு மாத இடைவெளியும் அதன்பின் ஒரே நாளில் ஏறிய முழுச் சுமையும்தான். ஓய்வில் சுமை தாங்கும் திறன் குறைந்திருந்த திசுவின் மீது, இளகிக்கொள்ள அவகாசம் இன்றி முழு வேலையும் இறங்கியிருந்தது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் வேறு சில வழிகளையும் முயன்றிருந்தார். ஊர் வைத்திய ஆசான் ஒருவரிடம் தைலம் தடவிக்கொண்டார். தடவிய இரவுகளில் இதமாக இருந்ததாகவும் காலை வலி மாறவில்லை என்றும் சொன்னார். செங்கல்லைச் சுடவைத்து அதன்மேல் எருக்கிலையை இட்டு குதிகாலை அழுத்தும் வீட்டு வைத்தியத்தையும் செய்திருந்தார். இதமான ஒத்தடம் தற்காலிகமாக வலியைக் குறைக்கக்கூடும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சுட்ட செங்கல்லில் காலை வைப்பது ஆபத்து. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். இவருக்குச் சர்க்கரை இல்லை, பாதத்தின் உணர்ச்சியும் சரியாகவே இருந்தது. அப்படியிருந்தும் குதிகாலின் ஓரத்தில் சுட்ட தழும்பு ஒன்று காணப்பட்டது.

மூன்றாவதாக, ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, குதிகால் எலும்பில் முள்போல எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொல்லி வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல் அவரை மாத்திரையைவிட ஆழமாகப் பாதித்திருந்தது. எலும்பு முள் சதையில் குத்துகிறது என்ற எண்ணத்தில் அவர் வலது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கி, பாதத்தின் வெளி விளிம்பில் நடக்கத் தொடங்கியிருந்தார். அதனால் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கத் தொடங்கியிருந்தது. குதிகால் முள் வலியில்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் காணப்படும். கடும் வலி உள்ள பலருடைய எக்ஸ்ரேயில் அது இருக்காது. அது கீழ்நோக்கித் தரையைக் குத்துவதில்லை. விரல்களின் திசையில் முன்னோக்கி நீள்கிறது. வலி தீர்ந்த பிறகும் முள் அப்படியே இருக்கும். இவற்றை அவருடைய படத்தையே விளக்கொளியில் பிடித்துக்காட்டி விளக்கினேன். அன்றைய சந்திப்பில் அதிக நேரம் இதற்கே சென்றது. அது தேவையாகவும் இருந்தது. குதிகாலை ஊன்றவே அஞ்சும் ஒருவருக்குக் குதிகாலைப் பயிற்றுவிக்க முடியாது.

பரிசோதனை

அவருடைய உயரம் 152 செ.மீ., எடை 71 கிலோ. உடல் நிறை குறியீட்டெண் 30-ஐச் சற்றே தாண்டுகிறது. குதிகாலின் அடியில் உட்புற முன் விளிம்பில், கட்டைவிரல் நுனி அளவுள்ள ஓர் இடத்தில் அழுத்தியதும் காலை வெடுக்கென இழுத்துக்கொண்டார். திசுப்பட்டை குதிகால் எலும்பிலிருந்து தொடங்கும் இடம் அதுவே. குதிகாலின் நடுப்பகுதியில் அழுத்தியபோது வலியில்லை. அங்கே வலி இருந்து, காலை முதல் அடியைவிட நெடுநேரம் நின்ற பின்னரே கூடுவதாக இருந்தால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்திருப்பதைக் கருத வேண்டும். குதிகால் எலும்பை இரு பக்கமும் உள்ளங்கைகளால் நெரித்தபோதும் வலியில்லை. இந்த நெரிப்பில் கடும் வலி வந்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும் என்பதால் பயிற்சி எதையும் தொடங்காமல் படம் எடுக்க அனுப்ப வேண்டும். கணுக்காலின் உட்புறத்தில் நரம்பைத் தட்டியபோது பாதத்தில் மரமரப்போ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வோ எழவில்லை. நேராக நீட்டிய காலை உயர்த்தியபோது முதுகிலிருந்து இறங்கும் வலியும் இல்லை.

பிறகு அவரை ஒரு தாழ்ந்த படியின் விளிம்பில், விரல்கள் மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி நிற்கவைத்து, வலது பெருவிரலை மேல்நோக்கி வளைத்தேன். குதிகாலின் அதே புள்ளியில் வலி எழுந்தது. இந்தச் சோதனையில் வலி வந்தால் நோய் இதுதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். வராவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் நோயுள்ள பலருக்கு இது வலிப்பதில்லை.

சிகிச்சையின் திசையை முடிவு செய்தது வேறொரு கண்டறிதல். முழங்காலை நீட்டிவைத்துக் கணுக்காலை மேல்நோக்கி மடக்கியபோது வலது கால் 2 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. இடது கால் 9 டிகிரி மடங்கியது. முழங்காலை மடக்கிவைத்து அதையே செய்தபோது வலது கணுக்காலும் தாராளமாக மடங்கியது. முழங்காலை மடக்கியவுடன் தடை நீங்குகிறது என்றால், இறுக்கம் கணுக்கால் மூட்டில் இல்லை. முழங்காலையும் கணுக்காலையும் கடந்து செல்லும் கெண்டைக்கால் மேல்தசையில் இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னபோது இடது காலில் 17 முறை செய்தவர், வலது காலில் 6-ஆவது முறையில் நிறுத்திவிட்டார்.

அவருடைய செருப்பையும் பரிசோதனையின் பகுதியாகவே கருதினேன். பழைய ஹவாய் செருப்பு. குதிகால் பகுதியின் வெளி ஓரம் விரலால் அழுத்தினால் அடிப்பக்கம் உணரப்படும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இரு கைகளாலும் பிடித்து மடக்கினால், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டியது நடுப்பகுதியிலேயே மடங்கியது. சரிவில் செருப்பு கழன்றுவிடாதிருக்க அவர் ஒவ்வோர் அடியிலும் விரல்களைக் குறுக்கிப் பிடித்திருந்தார் என்பதற்குச் செருப்பின் முன்பகுதியில் ஐந்து விரல்களின் குழிகளும் சான்று கூறின. வீட்டில் வழவழப்பான டைல்ஸ் தரை; அங்கே வெறுங்கால். வலி வந்த பின் உறவினர் ஒருவர் மிக மென்மையான பஞ்சுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டு வாசலில் அது சுகமாக இருந்ததாகவும், தோட்டத்துக்குப் போட்டுச் சென்ற நாளில் வலி கூடியதாகவும் சொன்னார்.

முதல் அடி ஏன் வலிக்கிறது

உள்ளங்கால் திசுப்பட்டை குதிகால் எலும்பில் தொடங்கி, பாதத்தின் வளைவுக்கு அடியில் ஓடி, விரல்களின் அடிப்பகுதியில் பிரிந்து ஒட்டுகிறது. நடையின் இறுதியில் குதிகால் உயர்ந்து விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றப்படுவதுபோல இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுக்கப்பட்டுப் பாதத்தின் வளைவை உயர்த்தி இறுக்குகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்பவர் இந்த இயக்கத்தை விவரித்தார். பெருவிரலை வளைத்துச் செய்த மேற்கண்ட சோதனையும், பின்னால் சொல்லப்போகும் இரண்டு பயிற்சிகளும் இதன் மீதே அமைந்தவை.

தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கிய நிலையில் இருக்கிறது. பல மணி நேரம் பட்டையும் கெண்டைத் தசையும் தளர்ந்து குறுகிய நிலையிலேயே கிடக்கின்றன. எழுந்து ஊன்றும் முதல் அடியில் உடலின் முழு எடையும் அந்தக் குறுகிய பட்டையை ஒரே வீச்சில் நீட்டுகிறது. அது பிடித்திருக்கும் நலிந்த இடம் வலிக்கிறது. சில அடிகளில் திசு இளகிவிடுவதால் வலி தணிகிறது. கெண்டைத் தசை இறுகியிருந்தால் கணுக்கால் போதுமான அளவு மடங்காது. மடங்காத அந்தப் பாகத்தைப் பாதத்தின் வளைவு தாழ்ந்து ஈடுகட்டும். அதனால் பட்டை மேலும் இழுபடும். மேட்டில் ஏறும்போது கணுக்கால் கூடுதலாக மடங்க வேண்டியிருப்பதால் ரப்பர் தோட்டத்தின் சரிவு இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது.

நோயின் பெயரில் அழற்சி இருந்தாலும், நாட்பட்ட நிலையில் அறுவையின்போது எடுக்கப்பட்ட திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் அழற்சியை அன்று, இழைகளின் சிதைவையே. லெமோன்ட்டும் அவருடைய குழுவினரும் 2003-இல் இதை வெளியிட்டார்கள். அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் இந்தப் பெண்மணிக்குச் சில மணி நேர நிவாரணத்தை மட்டும் தந்ததில் வியப்பில்லை.

சிகிச்சை: எழுவதற்கு முன்பே

நீட்சிப் பயிற்சி செய்தும் பயனில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதை எப்போது செய்கிறீர்கள் என்பதைத்தான். பெரும்பாலோர் குளித்துவிட்டோ மாலையில் நேரம் கிடைக்கும்போதோ செய்கிறார்கள். அதற்குள் அன்றைய முதல் அடி முடிந்துபோயிருக்கும். டிஜியோவானி குழுவினர் 2003-இல் ஆராய்ந்து வெளியிட்ட திசுப்பட்டை நீட்சியின் சிறப்பே, அது காலைத் தரையில் வைப்பதற்கு முன் செய்யப்படுகிறது என்பதுதான்.

முறை இதுதான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றக் காலின் தொடைமேல் குறுக்காக வைக்க வேண்டும். அதே பக்கத்துக் கையால் ஐந்து விரல்களையும் அவற்றின் அடியில் பிடித்து, முழங்காலை நோக்கி, பாதத்தின் வளைவில் இழுவிசை தெரியும்வரை பின்னால் வளைக்க வேண்டும். 10 வரை எண்ணிப் பிடித்து விட வேண்டும்; இவ்வாறு 10 முறை. சரியாகச் செய்கிறோமா என்பதை மற்றக் கையின் கட்டைவிரலை உள்ளங்காலில் குறுக்காக ஓட்டி அறியலாம்: இறுகிய நாண் ஒன்று தட்டுப்பட வேண்டும். நம் நோயாளி முதல் வாரம் முழுவதும் விரல்களை விட்டுவிட்டுப் பாதத்தின் முன்பகுதி முழுவதையும் பிடித்து இழுத்திருந்தார். அப்போது கணுக்கால் மடங்கியது, விரல்கள் மடங்கவில்லை, பட்டையும் இறுகவில்லை. அவருடைய கட்டைவிரலையே அந்த நாண்மேல் வைத்துக் காட்டிய பிறகு பிழை நேரவில்லை.

ஒரு நாளுக்கு மூன்று முறை என்பது விதி. முதல் முறை கட்டிலில். இரண்டாவது முறைக்கு இடம் தேடவேண்டிய தேவையே இல்லை. பால் சேரக் காத்திருந்த பாறையே அந்த இடம். வாளியை எடுக்க எழுவதற்குச் சற்று முன்பு அங்கேயே உட்கார்ந்தபடி செய்தார். மூன்றாவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழுவதற்கு முன்பு. நீண்ட இருப்புக்குப் பின்வரும் முதல் அடி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதற்கு முன்னால் நீட்சியைப் பொருத்தினோம். "அந்தப் பாறைல செஞ்சுட்டு எந்திச்சா ஒரு வித்தியாசம் இருக்கு சாரே" என்று இரண்டாவது வாரத்தில் அவரே சொன்னார். காலை வலி அப்போதும் 6-இல் இருந்தது.

கெண்டைக்கால் தசைக்குச் சுவரில் கைகளை ஊன்றிச் செய்யும் நீட்சி கொடுக்கப்பட்டது. வலது காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல், பாதம் வெளிப்புறம் திரும்பாமல், 30 விநாடிகள் சாய்ந்து நிற்க வேண்டும், மூன்று முறை. பாதம் வெளியே திரும்பிவிட்டால் இழுவிசை தசைக்குப் போகாமல் பாதத்தின் வளைவு தாழ்ந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

சுமையைக் குறைப்பதற்குத் தோட்டத்தின் நடைமுறையே துணைபுரிந்தது. ஒரு மரத்தை ஒன்று விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள் என்பதால் அவர்களிடம் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று செங்குத்தான மேல்பகுதி, மற்றது சற்றே சமமான கீழ்ப்பகுதி. ஆறு வாரங்களுக்கு மேல்பகுதியைக் கணவர் ஏற்றுக்கொண்டார். ஆகவே அவருக்கு ஒரு நாள் வேலையும் ஒரு நாள் ஓய்வும் அமைந்தன. முழு ஓய்வை நான் பரிந்துரைக்கவில்லை. கூலியை இழக்கும் அந்த ஓய்வை அவரால் நெடுநாள் தாங்க முடியாது. தாங்கினாலும், இரண்டு மாத ஓய்வுக்குப் பின் வந்த நோய்க்கு இன்னொரு நீண்ட ஓய்வு மருந்தாகாது.

மூன்றாவது வாரத்திலிருந்து, வேலையில்லாத நாட்களில் மட்டும், சுமை ஏற்றிய குதிகால் உயர்த்தும் பயிற்சி சேர்க்கப்பட்டது. டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் வகுத்து 2015-இல் வெளியிட்ட முறை இது. படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துவர்த்துத் துண்டை வைத்தால் விரல்கள் மேல்நோக்கி மடங்கி, பட்டை இறுகிய நிலையில் இருக்கும். அந்நிலையில் 3 விநாடிகளில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடிகள் நிறுத்தி, 3 விநாடிகளில் இறக்க வேண்டும். 12 முறை என்பது ஒரு சுற்று, மூன்று சுற்றுகள். வலது காலில் 6 முறைதான் அவரால் முடியும் என்பதால் முதல் இரண்டு வாரங்கள் இரு கால்களாலும் உயர்ந்து வலது காலால் இறங்கச் செய்தோம். பிறகு ஒற்றைக் கால். பிறகு முதுகில் ஒரு பையில் அரிசியை நிறைத்துச் சுமையைக் கூட்டி, ஒரு சுற்றின் எண்ணிக்கையை 8-க்குக் குறைத்தோம். பயிற்சியின்போது 10-க்கு 4 வரை வலியை அனுமதித்தோம்; மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிடக் கூடுதலாக வலித்தால் சுமை மிகுந்துவிட்டது என்று பொருள். வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதிக் கட்டத்தில் ஒவ்வொரு காலையும் அந்த எண்ணை அவர் எழுதிவந்தார். எங்கள் தீர்மானங்கள் அனைத்தும் அதன் அடிப்படையிலேயே அமைந்தன. ராத்லெஃப் ஆய்வில் மூன்று மாத முடிவில் இந்தப் பயிற்சி நீட்சியைவிட மேலாக இருந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவினரிடையே வேறுபாடு இல்லை. விரைவாகத் தேறுவதே இதன் பயன், அவ்வளவுதான். நாட்கூலிக்காரருக்கு அதுவும் பெரிது.

செருப்பு

மென்மையும் தாங்குதலும் ஒன்றல்ல. பஞ்சுச் செருப்பில் குதிகால் அமிழ்ந்துபோகிறது, வளைவுக்கு அடியில் ஒன்றும் இல்லை, சரிவில் பாதம் பக்கவாட்டில் நழுவுகிறது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு, தொழுநோயாலும் சர்க்கரை நோயாலும் உணர்ச்சியிழந்த பாதங்களில் அழுத்தத்தைப் பரப்பப் பயன்படுவது. நம் ஊர்களில் குதிகால் வலி என்றாலே அதை வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். தட்டையான எம்.சி.ஆர். மட்டும் இந்த நோய்க்குப் போதாது என்பது என் அனுபவம். ஊரிலேயே செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி, உறுதியான அடித்தட்டின்மேல் எம்.சி.ஆர். மெத்தை, வளைவுக்கு அடியில் மெல்ல எழும் திண்டு, முன்பகுதியைவிட 2 செ.மீ. உயர்ந்த குதிகால், கணுக்காலின் பின்னால் ஒரு வார் ஆகியவற்றோடு ஒரு ஜோடி செய்தோம். குதிகால் உயர்ந்திருப்பதால் இறுகிய கெண்டைத் தசையின் இழுவை குறைகிறது. பின்வார் இருப்பதால் விரல்களைக் குறுக்கிப் பிடிக்கும் தேவை நீங்குகிறது. கடையில் வாங்குவோரும் இந்த நான்கையும் கையாலேயே சோதிக்கலாம்: செருப்பு விரலடியில் மட்டும் மடங்க வேண்டும், முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது, குதிகாலைச் சுற்றிப் பிடிப்பு வேண்டும், வளைவின் திண்டு நம் வளைவுக்கு நேராக அமைய வேண்டும். திண்டு முன்னே தள்ளிப் போனால் பாதத்தின் நடுவே புது வலி உண்டாகும்.

தோட்டத்துச் செருப்பைவிட வீட்டுச் செருப்பே கடினமான வேலையாக இருந்தது. காலையின் முதல் அடிகள் விழுவது டைல்ஸ் தரையில். அங்கே வெறுங்காலே வழக்கம். "வீட்டுக்குள்ள செருப்பா? அதும் அடுக்களைல?" என்று மாமியார் மறுத்துவிட்டார். ஒருபோதும் வாசலைத் தாண்டாத புதிய ஜோடி ஒன்றைத் தனியே வாங்கி, அதைக் கட்டிலுக்கு அடியில் வைப்பது என்றும், சாமி படங்கள் இருக்கும் அறைக்குள் கழற்றிவிடுவது என்றும் பேசி முடிவானது. நீட்சியை முடித்த கால் நேரே அந்தச் செருப்புக்குள் இறங்கும். இது சிறிய ஏற்பாடுதான். ஆனால் நாட்காட்டியில் எண் 6-இலிருந்து 4-க்கு இறங்கியது இந்த ஏற்பாட்டுக்குப் பிந்திய வாரங்களில்தான்.

பின்னடைவு

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. மரங்களில் மழைக்காப்பு கட்டியிருந்ததால் வெட்டு நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் காலை வலி 3-இலிருந்து 7-க்கு ஏறியது. பயிற்சியின் சுமை கூடிவிட்டதோ என்று முதலில் ஐயுற்றோம். ஆனால் பயிற்சி செய்யாத வாரத்திலும் எண் இறங்கவில்லை. விசாரித்தபோது, நனைந்த செருப்பு மறுநாள் காலைக்குள் உலராததால் பழைய ஹவாய் செருப்பைப் போட்டுச் சென்றது தெரியவந்தது. தோல் வாருக்குப் பதிலாக நீர் உறிஞ்சாத வாரோடு இரண்டாவது ஜோடி செய்து, இரண்டையும் மாறிமாறி அணியச் சொன்னோம். அந்த இடைக்காலத்தில், பாதத்தின் வளைவைத் தாங்கும்படி ஒட்டுப்பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றினோம். பத்து நாட்களில் எண் 4-க்குத் திரும்பியது. பழைய செருப்பை வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்பதை இப்போது எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பின்னடைவின்போது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். ஊசி முதல் சில வாரங்களில் வலியைக் குறைக்கும் என்பது உண்மை. அந்தப் பயன் நீடிப்பதில்லை. பட்டை அறுந்துபோவதும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிவதும் அதனால் நேரக்கூடிய கேடுகள். சரிவில் சுமை தூக்கி நடக்கும் ஒருவருக்குக் கொழுப்பு மெத்தை மெலிவது வாழ்நாள் தொல்லையாகிவிடும். முடிவு எலும்பியல் மருத்துவருடையது என்று சொல்லி அனுப்பினேன். அவரும் பயிற்சியைத் தொடர்ந்து பார்க்கலாம் என்றார்.

இதே வலியோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இளைஞர் ஒருவருக்கு இரண்டு குதிகால்களும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முதுகெலும்பு மூட்டுவாத வகையாக இருக்கலாம்; மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி, எரிச்சலோடு கூடிய மரமரப்பு, குதிகாலில் வீக்கமும் காய்ச்சலும், நடந்துகொண்டிருக்கையில் சட்டென்று தெறித்த உணர்வு ஆகிய எதுவும் இந்த நோயின் இயல்பான போக்கு அல்ல.

முடிவு நிலை

பன்னிரண்டாவது வாரத்தில் முதல் அடியின் வலி 3-ஆகவும், ஆறாவது மாதத்தில் 1-ஆகவும் இருந்தது. முழங்காலை நீட்டிய நிலையில் வலது கணுக்கால் 8 டிகிரி மடங்கியது. ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை 14. இடது காலை அது இன்னும் எட்டவில்லை. எடை 2 கிலோ மட்டுமே குறைந்தது. முன்னேற்றத்துக்கு அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். இந்நோயாளிகளில் பெரும்பான்மையோர் அறுவையின்றி ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள். ஆகவே இவருடைய முன்னேற்றத்தில் ஒரு பங்கு காலத்துக்கும் உரியது.

அடுத்த இலையுதிர் ஓய்வில் குதிகால் உயர்த்தும் பயிற்சியை அவர் நிறுத்தவில்லை. வெட்டு மீண்டும் தொடங்கியபோது முதல் வாரம் 100 மரங்கள், இரண்டாவது வாரம் 200, மூன்றாவது வாரம் முழுச் சுற்று என்று ஏற்றினோம். எஞ்சியவற்றைக் கணவரும் அவருடைய தம்பியும் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வாரத்தில் காலை எண் இரண்டு நாட்கள் 3-ஐத் தொட்டது. அந்த வாரம் மேல்பகுதிக்குச் செல்ல வேண்டாம் என்றோம். நான்காவது வாரத்தில் அது 1-க்கு இறங்கிய பிறகு மேல்பகுதிக்கும் சென்றார். கட்டிலில் செய்யும் நீட்சியை மட்டும் இன்றும் விடவில்லை. பாறையில் செய்வதை விட்டுவிட்டார், அதனால் கேடு எதுவும் இதுவரை தென்படவில்லை.